சந்தையில் 36, வகுப்பில் 348: ஓர் ஆய்வுக் கட்டுரை சொல்லும் செய்தி

ஏழாம் வகுப்பில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். சென்ற ஆண்டு தொடக்கத்தில் வைத்த அடிப்படைத் திறன் தேர்வில் ஒரு மாணவன் 300 − 48 என்ற கணக்குக்கு 348 என்று விடை எழுதியிருந்தான். சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டேன். மெல்லக் கற்போர் பட்டியலில் அவன் பெயரைச் சேர்த்துவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

அந்த வாரச் சனிக்கிழமை எங்கள் ஊர் வாரச்சந்தையில் காய்கறி வாங்கப் போனேன். ஒரு கடையில் அம்மாவுக்குத் துணையாக அதே மாணவன் நின்றிருந்தான். முக்கால் கிலோ தக்காளி, அரை கிலோ கத்தரிக்காய், கால் கிலோ பச்சை மிளகாய் கேட்டேன். அவன் அம்மா நிறுத்துப் போட, இவன் வாயிலேயே கூட்டி "அறுபத்து நாலு டீச்சர்" என்றான். நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். தாள் அவன் கைக்குப் போய்ச் சேரும் முன்பே மறுகையில் 36 ரூபாய் தயாராக இருந்தது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். தேர்வுத்தாளில் 300 ரூபாயிலிருந்து 48 ரூபாய் எடுத்தால் 348 ரூபாய் மிஞ்சும் என்று எழுதிய பையன் இவன்தான். கடையில் இப்படிச் சில்லறை கொடுத்திருந்தால் ஒரே நாளில் கடையை மூடியிருப்பார்கள். அவனுக்குக் கழிக்கத் தெரியுமா, தெரியாதா? எனக்குப் பதில் தெரியவில்லை. "பழக்கத்தில் வந்த சாமர்த்தியம்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன்.

அந்த விளக்கம் தவறு என்று எனக்குக் காட்டியது ஓர் ஆய்வுக் கட்டுரை. 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' அறிவியல் இதழில் வெளியானது. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, குழந்தைகளின் எண்ணறிவை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் உளவியல் அறிஞர் எலிசபெத் ஸ்பெல்கி ஆகியோர் உள்ளிட்ட குழு எழுதியது. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 குழந்தைகளையும், சந்தை அனுபவம் இல்லாமல் பக்கத்துப் பள்ளிகளில் படிக்கும் 471 குழந்தைகளையும் வைத்து நடந்த ஆய்வு இது. கட்டுரையின் மொழி புள்ளியியல் மொழி. அதன் உள்ளடக்கமோ நம் வகுப்பறையைப் பற்றியது. அதனால் அதை எளிய தமிழில் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஆய்வு நடந்த விதம்

ஆய்வாளர்கள் சாதாரண வாடிக்கையாளர்களைப் போலச் சந்தைக்குப் போனார்கள். குழந்தைகள் நிற்கும் கடைகளில் வழக்கமாக யாரும் கேட்காத அளவுகளைக் கேட்டார்கள். ஒரு எடுத்துக்காட்டு இது: கிலோ 20 ரூபாய் விலையில் 800 கிராம் உருளைக்கிழங்கு, கிலோ 15 ரூபாய் விலையில் 1 கிலோ 400 கிராம் வெங்காயம். மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு 200 ரூபாய்த் தாளைக் கொடுத்து மீதியை வாங்கிக்கொண்டார்கள். மொத்தம் 37 ரூபாய், மீதி 163 ரூபாய்.

இந்தக் கணக்கில் எத்தனை செயல்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு பெருக்கல், இரண்டுமே பின்னம் அல்லது தசமம் கலந்தவை. பிறகு ஒரு கூட்டல். கடைசியில் இரண்டு பூஜ்ஜியங்களைத் தாண்டி இனமாற்றம் செய்ய வேண்டிய ஒரு கழித்தல். நம் தேர்வுத்தாளில் இதை ஐந்து மதிப்பெண் கேள்வியாகத்தான் வைப்போம். சந்தைக் குழந்தைகள் தாளும் பென்சிலும் இல்லாமல் செய்தார்கள். இரண்டாவது முயற்சியையும் சேர்த்துப் பார்த்தால், இத்தகைய கணக்குகளை நூற்றுக்கு 95 முதல் 98 பேர் வரை சரியாகச் செய்தார்கள்.

அதன்பிறகு பெற்றோரின் அனுமதியோடு அதே குழந்தைகளைத் தனியே அழைத்து, பள்ளியில் வைப்பது போன்ற எளிய எண் கணக்குகளைக் கொடுத்தார்கள். ஈரிலக்க எண்ணிலிருந்து ஈரிலக்க எண்ணைக் கழிக்கும் இரண்டு கணக்குகளையும் சரியாகச் செய்தவர்கள் நூற்றுக்கு 54 பேர். மூவிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் சரியாக வகுத்தவர்கள் 32 பேர் மட்டுமே. சந்தையில் அவர்கள் செய்த கணக்கைவிட இவை எளிமையானவை. என் மாணவனின் 36-உம் 348-உம் இங்கே நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம் ஒரே நேரத்தில் தெரிந்தன.

நமக்கு எழும் சந்தேகங்கள்

இதைப் படிக்கும் எந்த ஆசிரியருக்கும் சில மறுப்புகள் தோன்றும். எனக்கும் தோன்றின. இந்தக் கட்டுரையின் வலிமை அந்த மறுப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்ததில்தான் இருக்கிறது.

முதல் சந்தேகம், அவர்கள் விலைகளை மனப்பாடம் செய்திருப்பார்கள் என்பது. கால் கிலோ, அரை கிலோ விலையெல்லாம் தினமும் சொல்லிச் சொல்லி வாயில் நிற்கும்தான். ஆனால் 800 கிராமும் 1 கிலோ 400 கிராமும் மனப்பாடத்தில் இருக்க வாய்ப்பில்லை. அதோடு நிற்காமல், நடக்காத வியாபாரத்தைக் கற்பனை செய்து சொல்லச் சொன்ன கணக்குகளையும் கொடுத்தார்கள். அவற்றையும் குழந்தைகள் செய்தார்கள். ஆக, இது ஒப்பித்தல் இல்லை, கணக்கிடுதல்.

இரண்டாவது, பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள் உதவியிருப்பார்கள் என்பது. மூன்றாவது, தேர்வு என்றதும் பதற்றத்தில் தெரிந்ததும் மறந்திருக்கும் என்பது. நான்காவது, சந்தையில் தவறினால் காசு போகும், தேர்வில் தவறினால் ஒன்றும் போகாது. அதனால் அக்கறை இல்லாமல் எழுதியிருப்பார்கள் என்பது. இந்த மூன்றையும் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். இவற்றில் எதுவும் அந்த இடைவெளியை விளக்கவில்லை என்பதே அவர்கள் வந்தடைந்த முடிவு.

கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. கேள்வி ஏதாவது ஒரு பொருளையோ சூழலையோ பற்றிக்கொண்டு வாய்மொழியாக வந்தால் இந்தக் குழந்தைகளுக்குக் கை கொடுத்தது. வெறும் எண்ணும் குறியுமாகத் தாளில் வந்தால்தான் கை நழுவியது. அவர்களிடம் கணக்கு இருக்கிறது. நாம் எழுதும் குறியீட்டுக்கும் அந்தக் கணக்குக்கும் இடையில் வழி இல்லை.

மறுபக்கம்: நன்றாக மதிப்பெண் வாங்கும் குழந்தைகள்

இதுவரை சொன்னதில் ஒரு பாதி நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்ததுதான். பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் தெருவில் பொருள் விற்ற குழந்தைகளிடம் டெரெசின்யா நூனஸ், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் ஆகியோர் நடத்திய ஆய்வு 1985-இல் வெளியானது. ஐந்து குழந்தைகள்தான். விற்பனையின்போது கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரி. அதே எண்களை வாழ்க்கைக் கணக்காகக் கேட்டபோது 74. வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37. ஒன்று 35 குருசேரோ விலையுள்ள பத்துத் தேங்காய்க்கு என்ன விலை என்று கேட்டதற்கு, ஒரு சிறுவன் மூன்றுக்கு 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210 என்று மும்மூன்றாகச் சேர்த்துக்கொண்டே போய் 350-ஐ அடைந்தான். 35-க்குப் பின்னால் ஒரு பூஜ்ஜியம் போட்டால் போதும் என்ற பள்ளி வழி அவனுக்குத் தேவைப்படவில்லை.

புதிய ஆய்வு சேர்த்தது மற்றொரு பாதியை. பள்ளிக் கணக்கில் தேறிய குழந்தைகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று அது கேட்டது. டெல்லியில் 17 பள்ளிகளைச் சேர்ந்த, சந்தையில் வேலை செய்யாத 200 மாணவர்களிடம் இதைப் பார்த்தார்கள். பென்சில், தாள், வேண்டிய அளவு நேரம், ஒருமுறை திருத்திக்கொள்ளும் வாய்ப்பு எல்லாம் கொடுத்தபோது, வழக்கமான கணக்குகளை நூற்றுக்கு 96 பேர் சரியாகச் செய்தார்கள். அவர்களையே ஒரு பாவனைக் கடையில் வாங்கவும் விற்கவும் வைத்தபோது அது 60-ஆகக் குறைந்தது. அங்கேயும் தாளும் நேரமும் கொடுத்திருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

தாளும் இல்லை, நேரமும் குறைவு என்ற நிலையில் வித்தியாசம் இன்னும் கூர்மையானது. உண்மையான சந்தைக் கணக்குகளைச் சந்தைக் குழந்தைகளில் நூற்றுக்கு 85 பேர் சரியாகச் செய்தார்கள். அதே கடினத்தன்மையுள்ள கணக்கைப் பள்ளிக் குழந்தைகளில் 10 பேர் மட்டுமே செய்தார்கள். ஒரு பையன் சந்தைக்குப் போய் இரண்டு காய்கறி வாங்குகிறான் என்று தொடங்கும் ஒரு வாழ்க்கைக் கணக்கைச் சந்தைக் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் செய்தார்கள். பள்ளிக் குழந்தைகளில் செய்தவர் நூற்றுக்கு ஒருவர்தான். ஆனால் தாளில் எழுதும் கழித்தலும் வகுத்தலும் என்று வந்தால் பள்ளிக் குழந்தைகளே முன்னே நின்றார்கள். அவர்களில் 59 பேரும் சந்தைக் குழந்தைகளில் 45 பேரும் சரியாகச் செய்தார்கள்.

இந்த மறுபக்கம்தான் என்னை அதிகம் உறுத்தியது. 348 எழுதிய பையனைப் பற்றி நான் கவலைப்பட்டிருக்கிறேன். நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கும் மாணவியைப் பற்றி ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. அவளுடைய 252 சரியான விடைதான். அந்த விடை எப்படி வந்தது என்று நான் கேட்டதே இல்லை.

இரண்டு வழிகள் எங்கே பிரிகின்றன?

300 − 48 என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். என் மாணவன் செய்தது என்ன? ஒன்றுகள் இடத்தில் பூஜ்ஜியத்திலிருந்து எட்டு போகாது. அதனால் எட்டையே எழுதினான். பத்துகள் இடத்தில் பூஜ்ஜியத்திலிருந்து நான்கு போகாது, நான்கை எழுதினான். நூறுகள் இடத்தில் மூன்று. விடை 348. மேலே இருப்பது சிறிய எண்ணாக இருந்தால் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிடும் இந்தப் பிழையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவன் மூன்று தனித்தனிக் கணக்குகளைச் செய்திருக்கிறான். 300 என்ற ஒரு முழு எண் அவன் கண்ணில் படவே இல்லை.

கடையில் அதே பையன் வேறு திசையில் போகிறான். 48-லிருந்து 50-க்கு இரண்டு. 50-லிருந்து 100-க்கு ஐம்பது. 100-லிருந்து 300-க்கு இருநூறு. ஆக 252. கையில் சில்லறை வைக்கும் வரிசையும் இதேதான்: முதலில் இரண்டு ரூபாய் நாணயம், பிறகு ஐம்பது ரூபாய்த் தாள், பிறகு இரண்டு நூறு. கீழிருந்து மேலே ஏறும்போது 'போகாது' என்ற பேச்சே வருவதில்லை. ஒவ்வொரு படியிலும் பத்திலோ நூறிலோ போய் நிற்கிறான். முந்நூறைத் தாண்டி ஒரு முந்நூற்று நாற்பத்தெட்டு வருவதற்கு அந்த வழியில் இடமே இல்லை.

ஆய்வாளர்களும் இதையொட்டிய ஒன்றைக் கவனித்தார்கள். சந்தைக் குழந்தைகள் எண்ணைப் பக்கத்து முழு எண்ணுக்கு மாற்றிக்கொண்டு கணக்கிடுகிறார்கள். 43 × 11 என்றால் 43-இன் பத்து மடங்கு 430, அதோடு ஒரு 43, மொத்தம் 473. பத்தை ஒட்டிய எண்கள் வந்தால் அவர்களுக்கு எளிதாகிறது. பள்ளிக் குழந்தைகளுக்கோ அப்படிப்பட்ட எண்ணும் ஒன்றுதான், வேறெந்த எண்ணும் ஒன்றுதான். எது வந்தாலும் அதே எழுத்து முறையைத் தொடக்கத்திலிருந்து செய்கிறார்கள்.

இதை உங்கள் வகுப்பில் இரண்டு நிமிடத்தில் சோதித்துப் பார்க்கலாம். 50 × 6 கேளுங்கள். 300 என்று சொல்வார்கள். உடனே 49 × 6 கேளுங்கள். 300-இலிருந்து ஓர் ஆறைக் குறைத்து 294 என்று சொல்கிற குழந்தைக்குப் பெருக்கல் என்றால் என்ன என்று தெரியும். 49-ஐ மேலேயும் 6-ஐக் கீழேயும் எழுதிக் கோடு போடத் தொடங்குகிற குழந்தைக்குப் பெருக்கும் முறை தெரியும். இரண்டுமே சரியான விடைக்கு வரலாம். விடைத்தாளைப் பார்த்து இருவரையும் பிரித்தறிய முடியாது. அருகில் நின்று பார்த்தால்தான் தெரியும். என் வகுப்பில் இதைச் செய்தபோது முதலில் விடை சொன்னவர்களில் இரண்டு பேர் மெல்லக் கற்போர் பட்டியலில் இருந்தவர்கள்.

கட்டுரை சொல்லாதவை

இந்த ஆய்வைப் படித்துவிட்டு மூன்று தவறான முடிவுகளுக்குப் போகாமல் இருக்க வேண்டும்.

முதலாவது, குழந்தைகள் வேலைக்குப் போவது நல்லது என்ற முடிவு. சந்தைக் குழந்தைகள் இழப்பது என்ன என்பதையும் இதே ஆய்வுதான் காட்டுகிறது. எழுதிச் செய்யும் வகுத்தலில் நூற்றுக்கு 32 பேர்தான் தேறுகிறார்கள் என்றால், இயற்கணிதத்துக்குப் போகும் கதவு மற்றவர்களுக்கு மூடிவிட்டது என்று பொருள். x-க்கு விலையும் இல்லை, எடையும் இல்லை.

இரண்டாவது, சந்தை அனுபவம்தான் இந்தத் திறனை உண்டாக்கியது என்று அளந்து சொல்லிவிட்டதாக நினைப்பது. எந்தக் குழந்தை சந்தையில் நிற்க வேண்டும், எந்தக் குழந்தை நிற்கக் கூடாது என்று ஆய்வாளர்கள் குலுக்கிப் போட்டுப் பிரிக்கவில்லை, பிரிக்கவும் முடியாது. இரு குழுக்களின் வீட்டுச் சூழலும் பள்ளி வருகையும் வேறு வேறாக இருக்கும். இரண்டு திறன்களும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாமாகப் பாய்வதில்லை என்பதே ஆய்வு உறுதியாகச் சொல்வது.

மூன்றாவது, பாடத்தில் கொஞ்சம் விளையாட்டையும் கடை நடிப்பையும் சேர்த்தால் போதும் என்ற முடிவு. இதற்கு எதிரான சான்று இதே அறிஞர்கள் சிலரிடமிருந்தே வந்திருக்கிறது. டஃப்லோவும் ஸ்பெல்கியும் மற்றவர்களுடன் சேர்ந்து டெல்லியில் பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகள் 1,540 பேரிடம் நடத்திய ஆய்வு 2017-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. எண்ணிக்கையையும் வடிவங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் விளையாட்டுகளை அந்தக் குழந்தைகள் சில மாதங்கள் விளையாடினார்கள். அந்த விளையாட்டுகள் வளர்த்த உள்ளுணர்வுத் திறன் ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்திருந்தது. ஆனால் அவர்கள் ஒன்றாம் வகுப்புக்கு வந்தபோது பள்ளிக் கணக்கில் அதனால் பயன் தெரியவில்லை. விளையாட்டில் எண் குறிகளும் எண் பெயர்களும் இல்லாததால் அது வகுப்பறைக் கணக்கோடு இணையவில்லை என்று சொல்ல இடமிருக்கிறது. பாலத்தின் ஒரு கரையை மட்டும் உயர்த்தினால் பாலம் ஆகாது.

எந்தக் கற்பித்தல் முறை இந்த இடைவெளியை நிரப்பும் என்று புதிய கட்டுரை சோதிக்கவில்லை. உள்ளுணர்வுக் கணக்கையும் முறையான கணக்கையும் இணைக்கும் பாடத்திட்டம் தேவை என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறது. ஆகவே கீழே நான் சொல்வது ஆய்வின் முடிவு அல்ல. அதைப் படித்த ஓர் ஆசிரியை தன் வகுப்பில் செய்து பார்த்தது.

என் வகுப்பில் செய்தது

வாரம் இரண்டு நாள், பாடவேளையின் முதல் பத்து நிமிடம் நோட்டை மூடி வைக்கச் சொல்கிறேன். ஒரே ஒரு கணக்கு. விடையைவிட "எப்படி வந்தது?" என்ற கேள்விக்கே நேரம். முதல் நாள் 300 ரூபாய்க்கு 48 ரூபாய்ப் பொருள் வாங்கினால் மீதி எவ்வளவு என்று கேட்டேன். அந்த மாணவன் உடனே 252 என்றான். எப்படி என்றேன். தயங்கினான். "சும்மா வந்துச்சு டீச்சர்" என்றான். கடையில் சில்லறை எடுத்து வைப்பதுபோல் சொல்லு என்றதும் சொன்னான்: "ரெண்டு போட்டா அம்பது. அம்பது போட்டா நூறு. அப்புறம் ரெண்டு நூறு."

அவன் சொன்னதைச் சொன்னபடியே கரும்பலகையில் ஓர் எண்கோட்டில் வரைந்தேன். 48-லிருந்து 50, 50-லிருந்து 100, 100-லிருந்து 300. ஒவ்வொரு தாவலின் மேலும் 2, 50, 200. அதற்குக் கீழே எழுதினேன்:

48 + 2 + 50 + 200 = 300
300 − 48 = 252

அவன் வாயில் இருந்த கணக்கு அன்றுதான் முதன்முறையாகக் குறியீடாகக் கரும்பலகைக்கு வந்தது. அது அவனுடைய கணக்கு என்று வகுப்பு முழுவதும் பார்த்தது.

அதோடு நிறுத்தியிருந்தால் பாதிப் பாலம்தான். இனமாற்றக் கழித்தலையும் அவன் கற்றாக வேண்டும். பெரிய எண்களிலும் தசமங்களிலும் பின்னால் பல்லுறுப்புக் கோவைகளிலும் முறையான வழி இல்லாமல் முடியாது. அதனால் மறுநாள் காகிதத்தில் வெட்டிய நூறு ரூபாய், பத்து ரூபாய்த் தாள்களையும் ஒரு ரூபாய் வட்டுகளையும் கொண்டுபோனேன். மேசையில் மூன்று நூறு ரூபாய்த் தாள்கள். "இதிலிருந்து 48 ரூபாயை எடுத்துக் கொடு" என்றேன். அவன் சிரித்தான். "சில்லறை மாத்தணும் டீச்சர்."

மாற்றினோம். ஒரு நூறைக் கொடுத்துப் பத்துப் பத்து ரூபாய் வாங்கினான். அதில் ஒரு பத்தைக் கொடுத்துப் பத்து ஒரு ரூபாய் வாங்கினான். இப்போது மேசையில் இருப்பது இரண்டு நூறு, ஒன்பது பத்து, பத்து ஒன்று. மொத்தம் இன்னும் 300தான். இப்போது எட்டு ஒன்றுகளை எடுத்தால் இரண்டு, நான்கு பத்துகளை எடுத்தால் ஐந்து பத்து, இரண்டு நூறு அப்படியே. 252. ஒவ்வோர் அசைவையும் அவன் செய்யச் செய்ய, கரும்பலகையில் 300-இன் மேலே 2, 9, 10 என்று எழுதிக்கொண்டே வந்தேன். "கடன் வாங்கு, ஒன்பது போடு" என்று பல ஆண்டுகளாக நான் சொல்லிவந்த அந்த ஒன்பது எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்கு வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரிந்தது. தொண்ணூறு மதிப்பெண் மாணவி கேட்டாள்: "அப்ப இது கடன் இல்லையா டீச்சர்? சில்லறைதானா?" அவள் இத்தனை நாள் சரியாகச் செய்துவந்தது என்ன என்று அவளுக்கே அன்றுதான் புரிந்தது.

கடைசிப் படி ரூபாயை எடுத்துவிடுவது. சில வாரம் கழித்து 500 − 137 என்று வெறும் எண்ணாக எழுதினேன். விடை எழுதும் முன் ஒரு வரி எழுத வேண்டும் என்பது மட்டும் விதி: விடை 400-ஐ விடக் கூடுமா, குறையுமா? ஏன்? இந்த ஒரு வரி 348 போன்ற விடைகளை அவர்களே பிடித்துக்கொள்ள உதவுகிறது. பிழை வருவது நிற்கவில்லை. வந்த பிழையைப் பார்த்து "இது எப்படி டீச்சர் முடியும்?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

இதில் தவறிப்போகிற இடமும் உண்டு. எண்கோட்டு முறை எல்லோருக்கும் பிடித்துப்போனதும், அதையே ஒரு புதிய 'ஸ்டெப்' ஆக நான் நோட்டில் எழுதிப் போட்டேன். அடுத்த வாரம் 83 − 79 என்ற கணக்குக்குக்கூட ஒரு மாணவன் அளவுகோல் வைத்து எண்கோடு வரைந்துகொண்டிருந்தான். சந்தையில் இருந்து வந்த வழியையும் பொருள் புரியாத சடங்காக என்னால் மாற்றிவிட முடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன். இப்போது ஒரு கணக்குக்குக் குறைந்தது இரண்டு வழிகள் கரும்பலகைக்கு வராமல் மேலே போவதில்லை. எந்த வழி இந்த எண்களுக்குச் சுருக்கம் என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

அந்த மாணவன் ஆண்டு இறுதித் தேர்வில் கணக்கில் 41 மதிப்பெண் வாங்கினான். வகுத்தலில் இன்னும் தடுமாறுகிறான். நீள் வகுத்தலுக்குச் சந்தையிலிருந்து ஒரு வழியை நாங்கள் இருவரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. 'சிறப்புக் கவனம் தேவை' என்ற குறிப்பு அவன் பெயருக்கு எதிரே இருக்கிறது. இந்த ஆண்டுப் பதிவேட்டில் அதன் கீழே இன்னொரு வரியையும் எழுதியிருக்கிறேன்: 'மனக்கணக்கில் வகுப்பிலேயே விரைவானவன். எழுத்துக் கணக்கோடு இணைக்க வேண்டும்.' எட்டாம் வகுப்பில் அவனை எடுக்கும் ஆசிரியர் முதலில் அந்த வரியைப் படிப்பார்.